சர்க்கரை 2 கிராம்தான், ஆனாலும் அந்த பிஸ்கட் சரிப்படுமா?

டைப் 2 நீரிழிவு உள்ளவர் பாக்கெட்டைத் திருப்பினால் கண் நேராகப் போவது ‘சர்க்கரை’ என்ற வரிக்குத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு மொத்த கார்போஹைட்ரேட் 68 கிராம், அதன் கீழே நார்ச்சத்து 6, சர்க்கரை 2.

படி 1: எவ்வளவு சாப்பிடுவீர்கள்?

பாக்கெட் ‘ஒரு பரிமாறல்’ என்று சொல்வது 2 பிஸ்கட், அதாவது 16 கிராம். டீயோடு உட்கார்ந்தால் யார் இரண்டோடு நிறுத்துகிறார்கள்? ஐந்து என்றே வைத்துக்கொள்வோம், அது 40 கிராம். அட்டவணையில் உள்ள எண்ணை 40-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கார்போஹைட்ரேட் சுமார் 27 கிராம் வருகிறது.

படி 2: அந்த 27 கிராமில் என்ன இருக்கிறது?

சர்க்கரை 1 கிராம்கூட இல்லை, நார்ச்சத்து 2.4 கிராம். மீதி சுமார் 24 கிராம் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். அது செரித்ததும் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும், அதுவும் நன்றாக அரைத்த மைதா என்றால் வேகமாகவே. அதனால்தான் சர்க்கரை வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்கிறேன். இன்னொன்று, சர்க்கரை ஏற்கெனவே கார்போஹைட்ரேட் கணக்குக்குள் இருக்கிறது, அதைத் தனியாகக் கூட்ட வேண்டாம்.

படி 3: நார்ச்சத்தைக் கழிப்பதா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சில நாடுகளின் லேபிளில் நார்ச்சத்து மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள் அடங்கும், அதன் கீழே சற்று உள்தள்ளி அச்சிட்டிருப்பார்கள்; அங்கே கழிக்கலாம். ஐரோப்பிய முறையில் அது தனி வரி, கார்போஹைட்ரேட் எண்ணில் சேரவே சேராது. அங்கே கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும், உணவும் இல்லாத நல்ல பெயர் வாங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் கழிக்காமல் விடுங்கள், அதுதான் பத்திரம்.

அப்புறம் ஒரு சுலபமான சோதனை: கார்போஹைட்ரேட்டை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள். நம்முடைய பிஸ்கட்டில் 68-ஐ 6-ஆல் வகுத்தால் 11-க்கு மேல். 10-க்குள் வந்தால் பரவாயில்லை, 5-ஐ ஒட்டி வந்தால் நல்லது. இது தோராயமான அளவுகோல்தான், பாலுக்கும் தயிருக்கும் பொருந்தாது.

முடிவு? ஐந்து பிஸ்கட் வேண்டாம். இரண்டு என்றால் கார்போஹைட்ரேட் 11 கிராம், அதை அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துச் சாப்பிடலாம். உங்கள் உடம்பு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிய, குளுக்கோமீட்டரில் சாப்பிடும் முன் ஒரு முறையும், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் கார்போஹைட்ரேட்டைத் திடீரென்று குறைக்க வேண்டாம்.