எங்கேஜ்மென்ட் ரேட்: எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது?

ஒரு பதிவுக்குக் கிடைத்த லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதுதான் எங்கேஜ்மென்ட் ரேட்.

5,000 பேர் பின்தொடரும் இன்ஸ்டாகிராம் கணக்கில் ஒரு பதிவுக்கு 150 லைக், 20 கமென்ட், 30 சேவ் வந்தால் மொத்தம் 200. அதாவது 4 சதவீதம். அதே பதிவு 2,000 பேரைத்தான் சென்றடைந்தது என்றால், ரீச்சை வைத்துக் கணக்கிடும்போது 10 சதவீதம் வரும். இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால் ஒருவரின் 4-ஐ இன்னொருவரின் 10-உடன் ஒப்பிட்டால் முடிவு தவறிவிடும். எந்தச் சூத்திரம் என்று முதலில் கேளுங்கள்.

பின்தொடர்வோரை வைத்துக் கணக்கிட்டால், பத்தாயிரத்துக்குக் கீழுள்ள கணக்குக்கு 3 முதல் 6 சதவீதம் ஆரோக்கியம் என்பேன். ஒரு லட்சம் வரை 2 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் 1 சதவீதமே கௌரவமானது. கணக்கு வளர வளர, பழைய ஆர்வம் வடிந்தவர்களும் கைவிடப்பட்ட கணக்குகளும் பட்டியலில் சேர்ந்துகொண்டே போவதால் விகிதம் இயல்பாகவே இறங்கும். துறைக்குத் துறையும் இது மாறும்.

50,000 பேர் இருந்தும் பதிவுக்கு 150 எதிர்வினைதான் வருகிறது என்றால் அது 0.3 சதவீதம். அங்கே விலைக்கு வாங்கிய பின்தொடர்வோர் இருக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம். வைரலான ஒரு பதிவு சராசரியை ஏமாற்றும். எனவே கடைசிப் பத்துப் பதிவுகளை விகிதப்படி வரிசைப்படுத்தி நடுவில் வரும் இரண்டைப் பாருங்கள்.