பின்சக்கர ஏபிஎஸ்ஸை எங்கே அணைப்பது, எங்கே திரும்பப் போடுவது

ஹிமாசலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காஸாவிலிருந்து மணாலி நோக்கி வந்தால், லோசர் தாண்டி ஏறி குன்ஸும் கணவாயை அடைவீர்கள். உயரம் 4,500 மீட்டருக்கு மேல். மேலே இருக்கும் குன்ஸும் மாதா கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எல்லோரும் கீழே இறங்குவார்கள். நானும் சுற்றினேன். பிறகு வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய் வந்தேன். திரும்ப வந்து ஸ்டார்ட் செய்து, பாத்தல் பக்கம் இறங்க ஆரம்பித்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின் பிரேக்கை மிதித்தால், பூட்ஸுக்கு அடியில் பெடல் டக் டக் டக்கென்று எகிறுகிறது. வண்டி மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது ஏபிஎஸ்; காலையிலேயே பின்சக்கரத்துக்கு அதை அணைத்து வைத்திருந்தேனே என்றுதான் முதலில் தோன்றியது. அணைத்தது உண்மைதான். ஆனால் சாவியைத் திருப்பியதும் அது தானாகவே மறுபடி இயங்க ஆரம்பித்துவிட்டது. அட்வென்ச்சர் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. புகைப்படம், டீ, கோயில் என்று எதற்காகச் சாவியை அணைத்தாலும், அடுத்த முறை ஏபிஎஸ்ஸோடுதான் வண்டி கிளம்பும். கில் சுவிட்சால் எஞ்சினை மட்டும் நிறுத்தினால் பல வண்டிகளில் அமைப்பு மாறாது. உங்கள் வண்டி எப்படி என்பதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவில் போய்க் கற்றுக்கொள்கிற விஷயமல்ல இது.

சரிவில் பிரேக் ஏன் விட்டுவிடுகிறது

சக்கரம் சுழலும் வேகத்தை சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டியின் வேகத்தோடு ஒப்பிடும்போது சக்கரம் சட்டென்று மெதுவானால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று ஏபிஎஸ் கணித்து, பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி மீண்டும் கொடுக்கும். தார்ச்சாலையில் இது சரியான கணிப்பு. பாத்தல் இறக்கத்தில் நிலைமை வேறு. முகம் கீழே பார்த்து இறங்கும் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் சாய்கிறது. பின்சக்கரத்தின் மேல் சுமை குறைவு, அதன் கீழே உருளும் சரளை. லேசாக மிதித்தாலே பூட்டிக்கொள்ளப் பார்க்கும். ஏபிஎஸ் உடனே விட்டுவிடும், பிடிக்கும், மறுபடி விட்டுவிடும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறோம். பிரேக் இப்படி ஒரு விநாடி விட்டுவிட்டாலே வளைவின் உள்ளே திரும்ப வேண்டிய வண்டி வெளி விளிம்பில் போய் நிற்கும்.

பூட்டிய டயர் இந்த மண்ணில் வேறொரு வேலையும் செய்கிறது. உருளாமல் இழுபடும்போது பொடிமண்ணையும் கல்லையும் தள்ளித் தனக்கு முன்னால் ஒரு சின்ன மேடு சேர்த்துக்கொள்ளும். அந்த மேடே வண்டியைத் தடுக்கும். தார்ச்சாலையில் இழுபடும் டயருக்குப் பிடிப்பு குறையும். தளர்வான சரளையில் இந்த மேட்டினால் நிற்கும் தூரம் குறையலாம். ஏபிஎஸ் அந்த மேடு சேரவே விடாது.

ஆகவே அணைக்க வேண்டிய இடம் மிகக் குறுகியது: தளர்வான மண் அல்லது சரளை, கீழ்நோக்கிய சரிவு, குறைந்த வேகம். அங்கேகூட முதல் பிரேக் எஞ்சின்தான். முதல் கியர், கிளட்சை விட்டுவிட வேண்டும், பின் பிரேக் அதற்குத் துணை. பயத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் பிடிக்க வேண்டிய சுமை முழுவதும் பின் பிரேக்கின் தலையில் விழுகிறது. அப்புறம் ஏபிஎஸ்ஸைத் திட்டுவார்கள். ஏற்றத்துக்கும் சமதளமான கெட்டி மண் பாதைக்கும் அணைக்க வேண்டிய தேவையே இல்லை.

முன்சக்கரத்தையும் சேர்த்து அணைப்பது

“முழுசா ஆஃப் பண்ணுடா, அதுதான் ஆஃப்ரோடு” என்று சொல்கிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பின்சக்கரம் பூட்டினால் வால் கொஞ்சம் ஆடும்; கண்ணை நேராக வைத்திருந்தால் சமாளிக்கலாம். முன்சக்கரம் பூட்டினால் ஹேண்டிலுக்கு அந்தக் கணமே வேலை இல்லை. சரளையில், அதுவும் சற்றே திருப்பத்தில் இருந்தால், என்ன நடந்தது என்று புரிவதற்குள் தோள் தரையில் இருக்கும்.

தயாரிப்பாளர்களும் இதை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனில் பொத்தானை அழுத்தினால் பின்சக்கரத்தின் ஏபிஎஸ் மட்டுமே அணையும், முன்சக்கரத்துக்கு இருந்துகொண்டேயிருக்கும். கேடிஎம் 390 அட்வென்ச்சரின் ஆஃப்ரோடு மோடும் அதே வழிதான்: பின்சக்கரத்துக்கு இல்லை, முன்சக்கரத்துக்கு உண்டு, ஆனால் தலையீடு குறைவு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வேறு கதை. அதில் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ், அதுவும் முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் எப்போதுமே உங்கள் காலின் பொறுப்பு. முழுவதும் அணைக்கும் வசதி உள்ள எக்ஸ்பல்ஸில் அதைப் பயன்படுத்தினால், இழப்பது முன்சக்கரப் பாதுகாப்பைத்தான். ஒரே ‘ஆஃப்’ மூன்று வண்டியில் மூன்று பொருள். இரவல் வண்டியையோ வாடகை வண்டியையோ எடுக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சுவிட்ச் இல்லாத வண்டியில் ஃபியூஸைப் பிடுங்குவது

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் போன்ற வண்டிகளில் அணைக்கும் வசதியே கிடையாது. அதற்கு ஒரு குறுக்கு வழியாக ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். இதனால் போவது முன்னும் பின்னும் சேர்ந்து. சக்கர சென்சாரை நம்பியிருக்கும் மற்றவையும் சில வண்டிகளில் கூடவே படுத்துவிடும். சாவியைத் திருப்பினால் பழைய நிலைக்கு வரும் என்ற பாதுகாப்பும் இல்லை, ஏனென்றால் ஃபியூஸ் உங்கள் பையில் அல்லவா இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அது செயலிழந்த நிலையில் சாலையில் விபத்து நடந்தால் கேள்விகளும் வரும். அந்த வண்டியில் முதல் கியரில் மெதுவாக இறங்கிப் பழகுவதே மேல்.

தார் வந்த பிறகும் அப்படியே ஓட்டுவது

என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வளைவில் வண்டியை எப்படியோ நிறுத்தி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பின்சக்கர ஏபிஎஸ்ஸை மறுபடி அணைத்தேன். ஓடும்போது இதைச் செய்ய முடியாது. வண்டி நிற்க வேண்டும். இறக்கம் நன்றாக முடிந்தது. பாத்தலில் டீ குடித்தேன், சாவி அணைந்தது, கிளம்பும்போது ஞாபகமாக ஏபிஎஸ்ஸை மறுபடி அணைத்துக்கொண்டேன். சத்ரு வரை கல்லும் ஓடையுமாகத்தான் இருந்தது, பழுதில்லை. எங்கும் நிற்காமல் கிராம்ஃபூ வந்து, மணாலி – லே நெடுஞ்சாலையின் தாரில் ஏறினேன். காலையிலிருந்து குலுங்கிய உடம்புக்கு வழவழப்பான சாலை சுகமாக இருந்தது. வேகம் தானாகவே 60 ஆனது. லேசான தூறல். ஒரு திருப்பம் முடிந்து நேரானதும், சாலை நிறைய ஆடுகள், பின்னால் இரண்டு மேய்ப்பர்கள்.

நாள் முழுவதும் பின் பிரேக்கை அழுத்தி மிதித்தே பழகியிருந்த கால், அதே அழுத்தத்தை இங்கேயும் கொடுத்தது. பின்டயர் கீச்சிட்டது, வால் இடது பக்கம் நழுவ ஆரம்பித்தது.

இந்த இடத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம், பதறி பெடலைச் சட்டென்று விடுவது. வால் பக்கவாட்டில் போன நிலையில் டயருக்குத் திடீரென்று பிடிப்பு கிடைத்தால் வண்டி வெடுக்கென்று நேராகி, ஓட்டியை எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். ஹைசைடு என்பது இதுதான். வெறும் சறுக்கி விழுவதைவிடப் பல மடங்கு மோசம். வால் அசைய ஆரம்பித்த உடனே, வண்டி இன்னும் நேர்க்கோட்டில் இருந்தால், பெடலைத் தளர்த்திவிடலாம். நன்றாக விலகிப் போய்விட்டால், கண்ணைத் தொலைவில் வைத்து, பூட்டியபடியே வண்டி நிற்கும்வரை மிதித்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் நின்றேன், சாலையின் குறுக்கே அரைகுறையாக. முன் பிரேக்கில் ஏபிஎஸ் இருந்ததால் அதை நம்பி அழுத்த முடிந்தது. ஆடுகள் என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். காய்ந்த தாரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் சரியாகப் பிடித்தால், பிரேக் பிடித்த கணத்திலிருந்து ஏறக்குறைய 18 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 40 மீட்டர் அளவுக்குப் போகும். பின்சக்கரத்தை பூட்டி இழுத்தால் தூரம் கூடுவதோடு, பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடுகிறது. ஈரத்தில் எல்லாம் இன்னும் நீளும். ஆகவே “மழை பெய்கிறது, வழுக்கும், ஏபிஎஸ்ஸை அணைத்துவிடலாம்” என்பது தலைகீழ் யோசனை. ஈரத் தார், வெள்ளைக் கோடு, சிந்திய டீசல், பாலத்து இரும்பு இணைப்பு, இவற்றுக்காகவே அது வண்டியில் இருக்கிறது.

ஸ்பிட்டி போன்ற பாதைகளில் சிக்கல் என்னவென்றால் மண்ணும் தாரும் மாறி மாறி வருவது. தார் போட்ட துண்டுகள் வருடா வருடம் கூடிக்கொண்டேயும் இருக்கின்றன. ஐந்து நிமிடத் தாருக்காக நிறுத்திப் பொத்தானை அழுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் நான் கணக்கை மாற்றிக்கொண்டேன்: நாள் முழுக்க ஏபிஎஸ் இருக்கும், செங்குத்தான தளர்ந்த இறக்கத்தின் உச்சியில் நிறுத்தி அணைப்பேன், அடிவாரத்தில் நிறுத்திச் சாவியை ஒருமுறை அணைத்துப் போடுவேன். முழுத் தார் தொடங்கும் இடத்தில் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கைப் பார்ப்பேன். சாதாரணமாக வண்டி நகர்ந்து சற்றே வேகம் பிடித்ததும் அந்த விளக்கு அணைந்துவிடும். அணையாமல் எரிந்தாலோ சிமிட்டினாலோ எங்கோ அது இயங்கவில்லை என்று பொருள். வெயிலில் விளக்கு தெரியாவிட்டால், ஆளில்லாத நேர்ச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி நிமிர்ந்திருக்கும்போது, பின் பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பேன். பூட்ஸுக்கு அடியில் டக் டக்கென்று எகிறினால் இருக்கிறது. கீச்சென்று கத்தினால் ஓரங்கட்டிச் சாவியைத் திருப்புவேன்.