மொபைல் டேட்டா வருகிறதென்றால் கோளாறு உங்கள் லைனில்தானா?

வீட்டு வைஃபை நின்றதும் மொபைல் டேட்டாவைப் போடுகிறோம். வீடியோ ஓடுகிறது. "ஏரியாவில் ஒன்றுமில்லை, நம்ம லைன்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் கணக்குதான் தப்பு. டேட்டா டவரிலிருந்து வருகிறது, பிராட்பேண்ட் தெருவில் இழுத்த ஃபைபரில் வருகிறது. தெரு முழுக்க ஃபைபர் செத்துக் கிடந்தாலும் டவர் அதுபாட்டுக்கு வேலை செய்யலாம்.

சோதிக்கும் விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. வைஃபையில் நெட் இல்லையென்றால் பல போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்கும், நாமோ வைஃபை சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஆகவே வைஃபையைச் சோதிக்கும்போது டேட்டாவை அணையுங்கள், டேட்டாவைச் சோதிக்கும்போது வைஃபையை அணையுங்கள். இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். பழைய பக்கமென்றால் போனில் சேமித்திருந்ததே வந்து நிற்கலாம்.

டேட்டா தீர்ப்பு சொல்லாது, விசாரிக்கத்தான் உதவும். உதாரணமாக, உங்கள் ஃபைபர் பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ஆனால் எங்கே நின்றது? ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பிரித்துக் கொடுப்பார்கள். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் அறுந்தால் அத்தனை வீட்டிலும் சிவப்பு, பின்னால் உங்கள் வயர் மட்டும் மடங்கினால் உங்களுக்கு மட்டும் சிவப்பு. உங்கள் பெட்டியைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. டேட்டாவில் கம்பெனி ஆப்பைத் திறந்து ஏரியா அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அதே கம்பெனி இணைப்புள்ள பக்கத்து வீட்டுக்காரரிடம் "உங்க பெட்டியிலும் LOS சிவப்பா?" என்று கேளுங்கள். வேறு கம்பெனிக்காரரின் பதில் இதற்கு உதவாது.

LOS அணைந்து, PON விளக்கு நிலையாக எரிந்தும் நெட் இல்லையா? ஃபைபர் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. முதலில் ஆப்பில் பிளான் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பலர் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

டேட்டாவும் திடீரென ஊர்ந்தால், தெருவே டவர் பக்கம் திரும்பியிருக்கலாம், அல்லது டவருக்குப் போகும் ஃபைபரும் அதே இடத்தில் அறுந்திருக்கலாம். இது சந்தேகத்துக்குத்தான் ஆதாரம். அன்றைய டேட்டா அளவு தீர்ந்தாலும் அப்படித்தான் ஊரும்.

இதெல்லாம் தெரியும் முன் ரூட்டரின் ஊசித்துளை ரீசெட்டை அழுத்தாதீர்கள். பல இணைப்புகளில், கம்பெனியோடு இணைய ரூட்டரில் பதிந்திருக்கும் PPPoE பயனர்பெயரும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்துபோகும். ஏரியா சரியான பிறகும் உங்கள் வீட்டில் மட்டும் நெட் வராது.