நினைவகத்தைத் தின்றது மாடல் அல்ல

என் கணினியில் இருப்பது 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. அதில் ஓட்ட நினைத்த லாமா 3.1 8பி மொழி மாடல் 16 பிட்டில் 16 ஜிபி கேட்கும். அதனால் ஏறக்குறைய 4 பிட்டுக்குச் சுருக்கிய Q4_K_M கோப்பை எடுத்தேன். 4.9 ஜிபிதான், ஆனாலும் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது.

சரி, இன்னும் சுருக்கியதைப் பார்ப்போம் என்று 3.2 ஜிபி Q2_K-க்கு இறங்கினேன். ஓடியது. ஆனால் தமிழில் கேட்டால் வேற்றுமை உருபுகள் குழம்பின, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது.

அப்புறம்தான் திரையில் ஓடும் பதிவைப் படித்தேன். மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையின் அளவுதான் சூழல் நீளம்; நான் 32768 டோக்கன் என்று வைத்திருந்த அதுவே 4 ஜிபி எடுத்துக்கொண்டிருந்தது! 8192 என்று குறைத்ததும் அது 1 ஜிபி ஆனது. பழைய Q4-க்கே திரும்பினேன்:

```
llama-server -m model-Q4_K_M.gguf -ngl 99 -c 8192
```

நீண்ட கோப்புகளை மட்டும் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.