கூட்டக் குறிப்பை அனுப்பும் முன்: சரளமாகப் படித்தால் தப்பிவிடும் தவறுகள்

எழுதியவரே தன் கூட்டக் குறிப்பை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்துவிட்டு அனுப்புவதுதான் முதல் தவறு. தான் எழுத நினைத்ததையே கண் படிக்கும். ஒரு மாதிரி வரியைப் பாருங்கள்:

“பொருள் 6: வியாழன், 12.03.2025 அன்று கூடிய குழு, பொருள் 4-இல் கூறியபடி அரை வாடகை 48,500, ஒலிபெருக்கி 12,750, அச்சு 6,900, ஆக மொத்தம் 68,510-க்கு ஒப்புதல் அளித்தது. செல்வியும் செயலாளரும் அடுத்த வாரத்துக்குள் பணத்தைச் செலுத்துவர்.”

படிக்க உறுத்தாது. ஆனால் 12.03.2025 புதன்கிழமை. கிழமை தவறா, தேதி தவறா என்பதை அழைப்புக் கடிதத்தில் பாருங்கள். போன மாதக் கோப்பை நகலெடுத்து எழுதும்போது இது அடிக்கடி நேரும். பழைய தேதி பக்கத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

தொகையைக் கூட்டினால் 68,150 வருகிறது. வித்தியாசம் 360. அது 9 ஆல் மீதியின்றி வகுபடுவதால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே 1-உம் 5-உம் மாறியுள்ளன. மொத்தத்தை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள், பிழை உள்தொகை ஒன்றிலும் இருக்கக்கூடும். ரசீதோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, எழுத்தால் எழுதிய தொகையையும் பாருங்கள்.

‘அரை வாடகை’ எழுத்துப்பிழை திருத்திக்குப் பிழையே அல்ல, ‘அரை’, ‘அறை’ இரண்டும் அகராதிச் சொற்கள்தான். குழு பேசியது அறை வாடகையைப் பற்றி. இப்படியே விட்டால் பாதி வாடகைக்குத்தான் ஒப்புதல் என்று ஒருவர் வாதிடலாம். ர/ற, ல/ள/ழ, ன/ண வரும் சொற்களை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

‘பொருள் 4’ என்ற சுட்டும் இப்போது தவறு. இடையில் ஒரு பொருள் சேர்ந்ததும் தானியங்கி எண்கள் நகர்ந்துவிட்டன. கையால் தட்டிய சுட்டு எண் நகரவில்லை. வேர்டில் சுட்டுகளை Cross-reference வழியாகச் செருகியிருந்தால், கடைசியில் Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் அவை புதுப்பிக்கப்படும்.

பெயர்களில் எழுத்து சரியா என்பதோடு வேலை முடியாது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரும் வருகைப் பட்டியலில் அதே வடிவில் இருக்க வேண்டும். செல்வி அன்று வரவில்லை என்றால், பொறுப்பை ஏற்க அவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பொறுப்பாளர் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இருவர் பெயர் போட்டால் ஒருவரை ஒருவர் எதிர்பார்ப்பார்கள். ‘குழு கவனிக்கும்’ என்றால் யாருமே செய்ய மாட்டார்கள். ஒரு பணிக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் போதும், உதவுபவரைத் தனியாகக் குறிக்கலாம். ‘அடுத்த வாரம்’ எந்த நாளிலிருந்து என்று, பத்து நாள் கழித்துக் குறிப்பைப் பெறுபவருக்குத் தெரியாது. இறுதியிலுள்ள பணிப் பட்டியலும் உள்ளே எழுதியதும் ஒன்றுதானா என்று வரிக்கு வரி பாருங்கள்.

கூட்டத்தில் பொறுப்பாளரைத் தீர்மானிக்காமலே விட்டிருந்தால், சரிபார்ப்பவர் தானாக ஒரு பெயரை நிரப்பக் கூடாது. தலைவரிடம் கேட்டு, அவர் சொன்னதையே எழுத வேண்டும்.