அட்வான்ஸ் சண்டை குடிவரும் நாளிலேயே தொடங்குகிறது: வாடகை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு வந்தாலே, வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் ஒரே கேள்வியில்தான் முட்டிக்கொள்கிறார்கள். இந்த வெடிப்பு முன்பே இருந்ததா, இப்போது வந்ததா? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. குடிவந்தபோது வீடு இருந்த நிலையை, இயல்பான தேய்மானம் போக, காப்பாற்ற வேண்டும் என்கிறது. ஆனால் குடிவந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு, அன்றே தேதி போட்டு எழுதிப் படம் எடுத்து வைத்தால்தான் சாட்சி உண்டு.

அந்த இடத்தில் ஒப்பந்தப் பத்திரம் உதவும் என்று நம்புவதுதான் முதல் தவறு. 'மின்விசிறி 4, டியூப்லைட் 5, கீஸர் 1, அனைத்தும் நல்ல நிலையில்' என்று டைப் அடித்த வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். அது எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. பாத்ரூம் கதவின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்ததையோ மேல்தளத்தில் நீர்க்கசிவுக் கறை இருந்ததையோ சொல்லாது. அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால், எல்லாம் நன்றாக இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் கிரானைட் வெடிப்புக்கு 6,000, ஹால் சுவரில் ஆணி ஓட்டைகளுக்கு 2,000, கீஸர் ரிப்பேருக்கு 3,500, பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று 29,500 கேட்கிறார். குடிவந்த அன்று எழுதிய பட்டியலில் 'சமையல் மேடை, சிங்க்குக்கு இடப்பக்கம் வெடிப்பு, சுமார் 12 செ.மீ., படம் 7' என்று இருக்கிறது. சரி, அந்த 6,000-ஐ வீட்டுக்காரர் பிடிக்க முடியாது. ஆனால் ஹால் சுவர் படத்தில் ஓட்டை எதுவும் இல்லை, அதனால் 2,000 நியாயம். கீஸர் 'போட்டுப் பார்த்தோம், சூடாகிறது' என்று எழுதியிருக்கிறது. கீஸர் ரிப்பேரைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை குடியிருப்பவர் பொறுப்பில் வைக்கிறது, அதனால் அதுவும் நியாயம். அந்த வரி இல்லாவிட்டால், 'அது வந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை' என்ற பேச்சுக்கு வீட்டுக்காரரால் பதில் சொல்ல முடியாது. வெள்ளையடிப்பது அதே அட்டவணையில் வீட்டுக்காரர் பொறுப்பு. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும், பட்டியல் காப்பாற்றாது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் 5,500 போக 48,500 திரும்ப வரும், இருந்தால் 30,500.

படம் எடுப்பதில் நடக்கும் தவறு நேரம் சம்பந்தப்பட்டது. பால் காய்ச்சி, சாமான்கள் வந்து இறங்கிய பிறகு எடுத்தால், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஈரச்சுவர் தெரியாது. கட்டிலை இழுத்ததில்தான் டைல்ஸ் உடைந்தது என்றும் சொல்ல இடம் இருக்கும். சாவி வாங்கும்போதே, வீடு காலியாக இருக்கும்போது, முடிந்தால் இருவரும் சேர்ந்தே எடுப்பது நல்லது. ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் தேவை. ஒன்று தள்ளி நின்று, எந்த அறை, எந்தச் சுவர் என்று தெரிகிற மாதிரி. இன்னொன்று பக்கத்தில், ஓர் அளவுகோலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து. வெறும் நெருக்கப் படத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எந்த வீட்டுச் சுவர் என்று எடுத்தவருக்கே தெரியாது. நன்றாக இருக்கும் சுவர்களையும் எடுக்க வேண்டும், வீட்டுக்காரருக்கு அதுதான் ஆதாரம். இபி மீட்டர் ரீடிங்குக்கும் ஒரு படம்.

அப்புறம், படங்கள் நம் போனிலேயே தூங்குவது. போனில் தேதியை மாற்ற முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தத் தேதி மட்டும் போதாது. அன்றைக்கே மறுதரப்புக்கு அனுப்பியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேர விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்றால், 'பார்த்தேன், சரி' என்று அவரிடமிருந்து ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

இடையில் நடப்பதைச் சேர்க்காமல் விடுவதும் உண்டு. நடுவில் வீட்டுக்காரர் புது மோட்டாரோ கதவோ போட்டுத் தந்தால், அன்றே தேதியோடு அதற்கு ஒரு வரி, ஒரு படம்.

காலி செய்யும் அன்று, சாமான்கள் போன பிறகு, சாவியைக் கொடுக்கும் முன் அதே பட்டியலோடு இருவரும் அறை அறையாகப் போய், அதே இடங்களில் நின்று படம் எடுங்கள். எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு மாதம் எண்ணத் தொடங்கும் தேதியும், அதாவது சாவி கைமாறிய தேதியும், அதே தாளில் இருக்கட்டும்.