ஒரே ஒரு பெரிய சம்பளம்: சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் எப்படி நகர்கின்றன?

கோயம்புத்தூரில் சில சின்னப் பட்டறைகளுக்கு மாதக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டுப் போய்விட்டு வந்து, வாசலிலேயே நின்று கேட்டான்: "அண்ணா, அங்க சராசரிச் சம்பளம் முப்பத்தாறாயிரம்னு சொல்றாங்க. எனக்கு ஸ்டோர் வேலைக்குப் பதினாறுதான் தருவாங்களாம். பொய் சொல்றாங்களாண்ணா?"

பொய் இல்லை. அந்த முப்பத்தாறாயிரம் சரியான கணக்காகவே இருக்கலாம். அவனை உட்காரவைத்து ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அந்தக் கம்பெனியின் பட்டியல் என் கையில் கிடையாது. அதே மாதிரியான பட்டறை ஒன்றைக் கற்பனை செய்து, கணக்குக்கு வசதியாக முழு எண்களாக எடுத்துக்கொண்டேன்.

படி 1: சம்பளத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள்

பட்டறையில் பத்துப் பேர். மாதச் சம்பளம், ரூபாயில்:

```
ஹெல்பர்            14,000
ஹெல்பர்            14,000
ஹெல்பர்            14,000
பேக்கிங்            15,000
ஸ்டோர்             16,000
கணக்கு             17,000
டிரில்லிங்          18,000
லேத்               20,000
ஃபிட்டர்            24,000
சூப்பர்வைசர்        28,000
```

இந்த வரிசைதான் முக்கியம். சராசரிக்கு வரிசை தேவையில்லை. எப்படிக் கூட்டினாலும் ஒரே விடைதான். இடைநிலைக்கு வரிசை தவறினால் விடையே தவறிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பட்டியலில் இருக்கும் வரிசையிலேயே நடுவில் இருப்பவரை எடுத்துவிடுவார்கள்.

படி 2: மூன்றையும் கண்டுபிடியுங்கள்

சராசரி: எல்லாவற்றையும் கூட்டினால் 1,80,000. பத்தால் வகுத்தால் 18,000.

இடைநிலை: வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம். பத்துப் பேர் என்பதால் நடுவில் ஒருவர் இல்லை, இரண்டு பேர் நிற்கிறார்கள். ஐந்தாமவர் 16,000, ஆறாமவர் 17,000. இரண்டுக்கும் நடு 16,500.

முகடு: அதிகம் பேர் வாங்கும் தொகை. மூன்று பேர் 14,000 வாங்குகிறார்கள், வேறு எந்தத் தொகையும் இரண்டு முறை வரவில்லை. எனவே முகடு 14,000.

மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் அந்தப் பட்டறையின் சம்பளம் ஓரளவு சரியாகவே மனதில் பதியும்.

படி 3: பதினோராவது ஆளைச் சேருங்கள்

இந்தப் பட்டறை இதுவரை கூட்டாண்மை நிறுவனம். பங்குதாரர் எடுத்துக்கொள்ளும் பணம் தொழிலாளர் சம்பளப் பட்டியலில் வராது. இப்போது இதைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுகிறார்கள். முதலாளி இயக்குநர் ஆகிறார், மாதம் 2,16,000 சம்பளம் என்று பட்டியலில் பதினோராவது வரியாக ஏறுகிறார். பட்டறையில் அதே லேத், அதே ஆட்கள். யாருடைய கவரிலும் ஒரு ரூபாய் கூடவில்லை.

கூட்டுத்தொகை 1,80,000 + 2,16,000 = 3,96,000. பதினொன்றால் வகுத்தால் 36,000. ஒரே வரியில் சராசரி சரியாக இரண்டு மடங்கு.

இப்போது பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள். 36,000 வாங்குகிறவர் யாருமே இல்லை. சூப்பர்வைசரே 28,000-தான். பதினோரு பேரில் பத்துப் பேர் சராசரிக்குக் கீழே.

இடைநிலை? பதினோரு பேருக்கு நடுவில் நிற்பவர் ஆறாமவர், அதாவது கணக்கு எழுதுபவர். அவர் சம்பளம் 17,000. பழைய 16,500-லிருந்து ஐநூறு ரூபாய் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முகடு 14,000-லேயே நிற்கிறது.

படி 4: ஏன் இப்படி என்று கையால் தொட்டுப் பாருங்கள்

இயக்குநர் சம்பளத்தை 4,80,000 ஆக்குங்கள். கூட்டுத்தொகை 6,60,000, சராசரி 60,000. இடைநிலை அதே 17,000. முகடு அதே 14,000.

சராசரி ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுகிறது. புதியவர் பழைய சராசரியை விட எவ்வளவு கூடுதலாக வாங்குகிறாரோ, அந்தக் கூடுதலை எல்லார் தலையிலும் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறது. 2,16,000-இல் பழைய சராசரி 18,000 போக மீதி 1,98,000. அதைப் பதினோரு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 18,000. சராசரி ஏறியது சரியாக அந்த 18,000-தான். இந்தக் குறுக்குவழியை ஒருமுறை கையால் செய்து பார்த்தால் மறக்காது. சின்ன கம்பெனியில் அடி ஏன் இவ்வளவு பலமாக விழுகிறது என்பதும் இதிலேயே தெரியும். அதே 1,98,000-ஐ ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இருநூறு ரூபாய்கூட வராது.

இடைநிலைக்கு ரூபாய் கணக்கில்லை, தலைக்கணக்குதான். வரிசையின் கடைசியில் நிற்பவர் ஐம்பதாயிரம் வாங்கினாலும் ஐந்து லட்சம் வாங்கினாலும் அதற்கு அவர் ஒரு தலை. நடு அரை இடம் தள்ளிப்போகும், அதோடு சரி.

படி 5: இடைநிலையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

"பெரிய எண் வந்தாலும் இடைநிலை அசையாது" என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். முழு உண்மை அல்ல. நடுவில் பள்ளம் இருந்தால் அதுவும் தாவும்.

ஐந்து பேர் 14,000, ஐந்து பேர் 30,000 வாங்கும் பட்டறையை எடுங்கள். ஐந்தாமவர் 14,000, ஆறாமவர் 30,000, இடைநிலை 22,000. இதே இயக்குநர் சேர்ந்தால் ஆறாமவரே நடு, இடைநிலை 30,000. ஒரே ஆள் எட்டாயிரம் ரூபாய் நகர்த்திவிட்டார். இடைநிலை எவ்வளவு நகரும் என்பதை வந்தவரின் சம்பளம் முடிவு செய்வதில்லை, நடுவில் நிற்பவர்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான் முடிவு செய்கிறது. ஆகவே இடைநிலை சொல்லும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முகடு சின்னப் பட்டியலில் இதைவிட நொய்மையானது. ஒரு ஹெல்பருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றினால் 14,000 இரண்டு பேர், 15,000 இரண்டு பேர் என்று இரண்டு முகடுகள் வந்துவிடும். பிடித்தம் போகக் கையில் வரும் தொகையைப் போட்டால் 13,412, 13,655 என்று ஒவ்வொன்றும் வேறுபட்டு, முகடே இல்லாமலும் போகும். முகடு வேண்டுமென்றால் பேசிய சம்பளத்தில் பாருங்கள்.

படி 6: கணினியில் போட்டுப் பார்ப்பது

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் சம்பளம் B2 முதல் B12 வரை இருந்தால்:

```
=AVERAGE(B2:B12)
=MEDIAN(B2:B12)
=MODE(B2:B12)
=COUNT(B2:B12)
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இயக்குநர் சம்பளத்தை யாராவது "ரூ.2,16,000" என்று அடித்திருந்தால் கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. AVERAGE அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். விடை 18,000 என்று வரும். பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால் சந்தேகமே வராது. COUNT பதினொன்றுக்குப் பதில் பத்து என்று காட்டினால் ஏதோ ஒரு கட்டம் எழுத்தாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்தக் கட்டம் மட்டும் இடது ஓரமாக ஒட்டியிருக்கும், எண்கள் வலது ஓரம் நிற்கும். MODE #N/A என்று சொன்னால் பயப்பட வேண்டாம், எந்தத் தொகையும் இரண்டாம் முறை வரவில்லை என்று அர்த்தம்.

சட்டம் எதைக் கேட்கிறது?

கம்பெனிகள் சட்டம், 2013-இன் பிரிவு 197(12), பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிடம் ஒரு விகிதத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று இயக்குநர் குழு அறிக்கையில் சொல்ல வேண்டும். நம் பட்டறைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சராசரியைக் கேட்காமல் இடைநிலையைக் கேட்பதால் என்ன வித்தியாசம் என்று நம் எண்களில் பார்க்கலாம்.

2,16,000-ஐச் சராசரி 36,000-ஆல் வகுத்தால் ஆறு மடங்கு. இடைநிலை 17,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12.7 மடங்கு. சம்பளத்தை 4,80,000 ஆக்கினால் சராசரிப்படி எட்டு மடங்குதான், இடைநிலைப்படி 28-க்கும் மேல். இயக்குநரின் சம்பளம் ஏறும்போது அவரையும் சேர்த்துப் போட்ட சராசரியும் கூடவே ஏறி இடைவெளியை மறைக்கிறது. பதினோரு பேர் உள்ள பட்டியலில் அவர் கோடி ரூபாய் வாங்கினாலும் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் பதினோரு மடங்கைத் தாண்டவே தாண்டாது. போட்டுப் பாருங்கள்.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. முதலாளிக்கு ஒன்றாம் தேதி வங்கியில் எவ்வளவு பணம் வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், சராசரியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் 3,96,000 கச்சிதமாக வரும். இடைநிலை 17,000-ஐப் பதினொன்றால் பெருக்கினால் 1,87,000. அதை நம்பி உட்கார்ந்தால் சம்பளம் போட முடியாது.

படி 7: சராசரி மட்டும் சொன்னால் பின்னோக்கிப் போங்கள்

வேலைக்குப் போகிறவருக்கு முழுப் பட்டியலையும் யாரும் காட்டமாட்டார்கள். இரண்டு கேள்வி கேட்டால் போதும்: மொத்தம் எத்தனை பேர், அந்தச் சராசரியில் இயக்குநர் சம்பளமும் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் எவ்வளவு. இரண்டாவதற்குப் பதில் வராமலும் போகலாம். சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தாலே 36,000-ஐ மனதில் பாதியாக்கி யோசிக்கத் தொடங்கலாம்.

பையன் மறுநாள் போய்க் கேட்டுவிட்டு போன் செய்தான். பதினோரு பேர், இயக்குநரும் சேர்த்திதான், இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று அங்கே கணக்கு பார்க்கிறவர் சொன்னாராம். முப்பத்தாறாயிரத்தைப் பதினொன்றால் பெருக்கச் சொன்னேன். 3,96,000. அதில் 2,16,000 என்று வைத்துக் கழித்துப் பத்தால் வகுக்கச் சொன்னேன். போனிலேயே தட்டிப் பார்த்தான்.

"பதினெட்டாயிரம் வருதுண்ணா. அப்ப பதினாறு ரொம்பக் கம்மின்னு சொல்ல முடியாதில்ல?"

"அந்தப் பதினெட்டுக்குள்ள சூப்பர்வைசர், ஃபிட்டர் சம்பளமும் இருக்குது. ஸ்டோர்ல இப்ப இருக்கறவருக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வா" என்றேன்.